ஞாயிற்றுக்கிழமையைப் பிரித்துவிட்டு ஆல்ஃபாவைத் தேடுங்கள்

கேள்வி: பாளையங்கோட்டையில் இட்லி மாவு பாக்கெட் போடுகிறோம். காலை விற்பனை முடிந்ததும் மத்தியானம் மறுநாளைக்கு அரிசி ஊறப்போட வேண்டும். எத்தனை பாக்கெட்டுக்கு என்று பார்க்க எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூத்திங் போட்டுப் பார்க்கிறேன். ஆல்ஃபா 0.8 வைத்தால் திங்கட்கிழமை மாவு மலைபோல மிஞ்சிப் புளித்துவிடுகிறது. 0.2 வைத்தால் ஞாயிற்றுக்கிழமை பத்தவே மாட்டேன் என்கிறது. எந்த எண்தான் சரி?

பதில்: இந்த இரண்டு தொல்லைக்கும் காரணம் ஆல்ஃபா இல்லை, ஞாயிற்றுக்கிழமை. கணக்கு எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும்.

இந்த முறையில் நாளைய மதிப்பீடு என்பது இன்றைய மதிப்பீட்டோடு, இன்று ஏற்பட்ட பிழையில் ஒரு பங்கைச் சேர்ப்பதுதான். அந்தப் பங்குதான் ஆல்ஃபா. இன்றைக்கு 100 பாக்கெட் என்று மதிப்பிட்டு 110 விற்றிருந்தால் பிழை 10. ஆல்ஃபா 0.3 என்றால் அதில் 3 சேர்ந்து நாளைக்கு 103. இதையே பின்னோக்கி விரித்துப் பார்த்தால், பழைய நாட்கள் எல்லாமே மதிப்பீட்டுக்குள் இருப்பது தெரியும். இன்றைய விற்பனைக்கு 0.3 எடை, நேற்றையதற்கு 0.21, முந்தாநாளுக்கு 0.147. ஒவ்வொரு நாள் பின்னால் போகும்போதும் முந்தைய எடை 0.7ஆல் பெருக்கப்படுகிறது. பள்ளியில் படித்த பெருக்குத் தொடர்தான் இது. எந்த நாளும் முழுதாக மறக்கப்படுவதில்லை. ஆனால் 0.3இல் கடைசிப் பத்து நாட்களுக்கே 97 சதவீத எடை போய்விடுகிறது. 0.8 வைத்தால் இரண்டே நாளில் 96 சதவீதம்.

ஆக, இந்தக் கணக்குக்குக் கிழமை தெரியாது. நேற்று, முந்தாநாள் என்ற வரிசை மட்டும்தான் தெரியும். சனிக்கிழமை மத்தியானம் மதிப்பீடு 100 என்று வையுங்கள். ஞாயிறு 156 விற்கிறது. ஆல்ஃபா 0.8 அந்த 56இல் 44.8ஐ ஏற்றித் திங்களுக்கு 145 போடச் சொல்கிறது. திங்கள் விற்பது 94. ஐம்பது பாக்கெட் நிற்கிறது. 0.2 வைத்தாலும் திங்களுக்கு 111 வரும், அடுத்த ஞாயிற்றுக்கு 100ஐச் சுற்றியே சொல்லும். எந்த ஆல்ஃபாவாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

எட்டு வார விற்பனையை எடுத்து, ஞாயிறுகளின் சராசரியை மற்ற நாட்களின் சராசரியால் வகுங்கள். 150ஐ 100ஆல் வகுத்தால் 1.5. இனி ஞாயிறு விற்பனையை இந்த 1.5ஆல் வகுத்த பிறகே கணக்கில் ஏற்றுங்கள். 156 என்பது 104 ஆகிவிடும். ஞாயிற்றுக்கு மதிப்பீடு எடுக்கும்போது வந்த விடையை 1.5ஆல் பெருக்குங்கள். சனிக்கிழமையும் தனி மாதிரி விற்றால் அதற்கும் ஓர் எண் வைத்துக்கொள்ளலாம்.

ஆல்ஃபாவைத் தேடுவது இதற்குப் பிறகுதான். ஒரு ஞாயிறிலிருந்து அடுத்த ஞாயிறு வரை, ஞாயிறுகளை வகுத்த பின் எட்டு நாள் எண்கள் 104, 94, 108, 97, 103, 92, 106, 98 என்று இருக்கட்டும். முதல் மதிப்பீடு 100. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளே சொல்லியிருக்கும் மதிப்பீட்டை நிஜ விற்பனையோடு ஒப்பிட்டு, பிழையை வர்க்கம் செய்து கூட்ட வேண்டும். 0.2க்குக் கூட்டுத்தொகை 292 வருகிறது, 0.8க்கு 618. காரணம், இந்த எட்டு நாளில் விற்பனையின் மட்டம் மாறவில்லை, 100ஐச் சுற்றி ஆடுகிறது, அவ்வளவுதான். 0.8 அந்த ஆட்டத்தை நிஜ மாற்றம் என்று நம்பி ஒவ்வொரு நாளும் எதிர்ப்பக்கம் ஓடுகிறது.

நேர்மாறான நிலையும் உண்டு. பக்கத்தில் ஒரு விடுதி திறந்து, விற்பனை நிரந்தரமாக 130க்கு ஏறிவிட்டது என்று வையுங்கள். 0.2 வைத்திருந்தால் ஐந்து நாள் கழித்தும் மதிப்பீடு 10 பாக்கெட் பின்தங்கியே நிற்கும். 0.8க்கு இரண்டு நாள் போதும். மட்டம் எவ்வளவு நகர்கிறது, அதன்மேல் அன்றாட ஆட்டம் எவ்வளவு என்ற விகிதம்தான் சரியான ஆல்ஃபாவைத் தீர்மானிக்கிறது. 1960இல் பொருளியலாளர் ஜான் முத் இதைக் கணித முறையில் காட்டினார். ஆகவே எல்லாக் கடைக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது, உங்கள் நோட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

எட்டு நாள் விளக்கத்துக்குப் போதும், தேர்வுக்குப் போதாது. 60 நாள் எண்களை எக்செலில் B2 முதல் B61 வரை, ஞாயிறுகளை வகுத்த பிறகு, போடுங்கள். ஆல்ஃபா F1இல் இருக்கட்டும். C2இல் முதல் 14 நாள் சராசரி. C3இல் கீழே உள்ள முதல் வரியைப் போட்டு C61 வரை இழுங்கள். இரண்டாவது வரி F2இல்.

```
=C2+$F$1*(B2-C2)
=SUMXMY2(B16:B61,C16:C61)
```

இரண்டாவது வரி முதல் 14 நாளை வேண்டுமென்றே விட்டுவிடுகிறது. தொடக்க மதிப்பு நாமாக வைத்தது, அதன் எடை உடனே கரைவதில்லை. ஆல்ஃபா 0.1 என்றால் 14 நாள் கழித்தும் 23 சதவீதம் மிச்சம் இருக்கும், 0.2க்கு 4 சதவீதம்தான். F1இல் 0.05, 0.1, 0.15 என்று 0.9 வரை மாற்றி, F2 எங்கே குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 0.15க்கும் 0.25க்கும் நடுவே வித்தியாசம் சொற்பமாக இருக்கும். அங்கே இரண்டாம் தசமத்துக்காகப் பாடுபட வேண்டாம். குறைந்த பிழை 0.9 பக்கம் வந்தால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். விற்பனை ஒரே பக்கமாக ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கலாம், அல்லது பிரிக்காமல் விட்ட இன்னொரு கிழமை இருக்கலாம்.

தினமும் பிழையின் குறியையும் பாருங்கள். ஆறேழு நாள் தொடர்ந்து விற்பனையே மதிப்பீட்டைவிடக் கூடுதல் என்றால் மட்டம் நகர்ந்துவிட்டது, உங்கள் ஆல்ஃபா மெதுவாக இருக்கிறது. ஒரு நாள் கூட, ஒரு நாள் குறைய என்று பெரிய பிழைகள் மாறி மாறி வந்தால் ஆல்ஃபா அதிகம்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் மாதிரி நாட்களில் விற்பனை இரட்டித்தால் அந்த எண்ணைக் கணக்கில் ஏற்றாதீர்கள். அன்றைய B கட்டத்தில் அன்றைய மதிப்பீட்டையே எழுதிவிட்டால் பிழை பூஜ்யமாகி மதிப்பீடு நகராது. ஏற்றிவிட்டால், 0.2 வைத்திருந்தாலும் மறுநாள் 20, அதற்கு மறுநாள் 16 என்று மாவு கூடுதலாக மிஞ்சிக்கொண்டே இருக்கும்.

இதைவிட நான் கவலைப்படுவது வேறொன்று. காலை எட்டு மணிக்கே மாவு தீர்ந்துபோன நாளில் நோட்டில் 100 என்று எழுதினால், அது விற்ற அளவு மட்டும்தான். கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனவர்கள் அதில் இல்லை. அந்த 100ஐ ஏற்ற ஏற்ற மதிப்பீடு 100க்கு மேலே எழவே எழாது, பிழையும் சின்னதாகவே தெரியும், கணக்கு அருமையாக இருப்பது போலத் தோன்றும். தீர்ந்தபின் வந்து கேட்ட பாக்கெட்டுகளைக் கோடு போட்டு எண்ணி, விற்றதோடு சேர்த்து எழுதுங்கள்.

கடைசியாக வரும் எண் நடு எண், அரைக்க வேண்டிய எண் அல்ல. மேலே 0.2க்கு வந்த 292ஐ 8ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 6. மதிப்பீடு 100 என்றால் நிஜம் 94க்கும் 106க்கும் நடுவே ஊசலாடுவது சகஜம். மிஞ்சிய மாவைப் புளித்த தோசைக்கு விற்க வழி இருந்தால் 106க்கு ஊறப்போடுங்கள். கொட்டத்தான் வேண்டும் என்றால் 100ஐத் தாண்ட வேண்டாம்.