டிஷ்யூ துணியில் பிரின்சஸ் கட் பிளவுஸ்: மயிலாப்பூர் தையற்காரரின் பதில்கள்

மடிப்பாக்கம் வாசகி: தங்க நிற டிஷ்யூ துணி கொடுத்திருந்தேன். பிரின்சஸ் கட், ஒன்பது அங்குல முதுகுக் கழுத்து, பிடித்தாற்போல் குட்டைக் கை. ஏன் தைக்க முடியாது என்கிறீர்கள்?

வணக்கம் அம்மா. துணியிலும் குறையில்லை, நீங்கள் விரும்பிய அமைப்பிலும் குறையில்லை. இரண்டும் ஒன்றாகச் சேர்வதுதான் பொருந்தவில்லை. உங்கள் துணியின் பாவு மெல்லிய பட்டு, ஊடை முழுவதும் ஜரிகை. ஜரிகை வழுவழுப்பாக இருப்பதால் பட்டிழை அதன் மேல் எளிதில் நழுவும். அதனால் இறுக்கமாகத் தைத்த டிஷ்யூவில் தையல் நூல் அறுவதற்கு முன்பே தையலை ஒட்டிய இழைகள் விலகி, சீப்புப் பல் போல இடைவெளி விழுந்துவிடும். அப்படி விலகிய இடத்தை மறுபடியும் தைத்துச் சரிசெய்ய முடியாது.

பிரின்சஸ் கட்டில் கைக்குழியிலிருந்து மார்பின் மேல் வளைந்து இடுப்புவரை இறங்கும் தையல்தான் உடலின் இழுப்பை ஏற்கிறது. அந்த வளைவு படிந்து நிற்க, உள்மடிப்பில் சிறு சிறு வெட்டுகள் வைக்க வேண்டும். டிஷ்யூவில் அந்த வெட்டுகளே பிசிறாகித் தையல்வரை பிரிந்து வரும். பட்டாக இருந்தால் இஸ்திரி போட்டுச் சிறிது வளைத்துக்கொள்ளலாம், ஜரிகை அதற்கு இசையாது. முதுகுக் கழுத்து ஒன்பது அங்குலம் இறங்கினால் கீழே எஞ்சும் குறுகிய பட்டையே முழு இழுப்பையும் தாங்க வேண்டியிருக்கும், கையைத் தூக்கும்போது பின்பக்கக் கைக்குழியும் விடும். ஊசி குத்திய தடமும் மறையாது என்பதால், பிறகு பிரித்துத் தளர்த்தலாம் என்ற வழியும் இல்லை.

வெட்டுவதற்கு முன் துணியின் ஓரத்துண்டுகள் இரண்டை அரை அங்குல உள்மடிப்பு விட்டு, பதினொன்றாம் எண் ஊசியால் தைத்து, தையலின் இருபுறமும் கட்டைவிரல்களால் பிடித்து இழுத்துப் பார்த்தேன். தையல் அப்படியே நின்றது; இருபுறமும் இழைகள் விலகின. அந்தத் துண்டை எடுத்து வைத்திருக்கிறேன், வரும்போது நீங்களே இழுத்துப் பாருங்கள்.

டிஷ்யூதான் வேண்டுமென்றால் நான்கு டாட் வைத்த சாதாரண பிளவுஸாக, முதுகுக் கழுத்தை ஆறு அங்குலத்தோடு நிறுத்தி, முழங்கைவரை சற்றுத் தளர்வான கை வைத்துத் தைக்கிறேன். உள்ளே டூ பை டூ பருத்தி லைனிங்கை இரண்டும் ஒரே துணி போலச் சேர்த்துப் பிடித்து, லைனிங்கை மட்டும் இம்மியளவு குறைவாக வெட்டினால் இழுப்பு பருத்திக்குப் போகும். தையல் வெளியே தெரியக் கூடாது என்று லைனிங்கைத் தனியாகத் தைத்துக் கழுத்தில் மட்டும் இணைப்பது பார்வைக்கு அழகு, ஆனால் அதில் டிஷ்யூ தனியாகவே பாரம் சுமக்கும். பிரின்சஸ் கட்தான் முக்கியம் என்றால் அதே நிறத்தில் ரா சில்க் வாங்குங்கள். இந்த டிஷ்யூவை முதுகு நாடாவுக்கும் கை ஓரத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

குரோம்பேட்டை வாசகர் (வீட்டிலேயே தைப்பவர்): இதற்கு இவ்வளவு யோசனை எதற்கு? பின்னால் ஃபியூசிங் ஒட்டிவிட்டால் இழை நகராதே.

நகராது என்பது ஓரளவு உண்மை. பிசிறு குறையும், கழுத்துப் பட்டிக்கு நானும் அதையே வைக்கிறேன். உடல் முழுவதும் ஒட்டினால் டிஷ்யூ அட்டை போல விறைத்துவிடும். ஒட்டுவதற்குத் தேவையான சூட்டில் விலை குறைந்த ஜரிகை சுருங்கிவிடக்கூடும். நம் ஊர் வியர்வையில் அக்குள் பக்கம் ஒட்டு விட்டுக் கொப்புளம் போல எழும்பும், அது வெளியில் நன்றாகவே தெரியும்.

அடையாறு வாசகி: என் காட்டன் பிளவுஸும் இப்படித்தான், ஒரு சலவையிலேயே கைக்குழி இறுகிவிட்டது. இதுவும் இழை விலகுவதுதானா?

இல்லை அம்மா, அது சுருக்கம். லைனிங்கை நனைக்காமல் தைத்திருப்பார்கள்; மேல்துணி அப்படியே இருக்க லைனிங் மட்டும் சுருங்கி இழுத்திருக்கும். வெட்டுவதற்கு முன் இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தியிருக்க வேண்டும். உள்மடிப்பில் துணி விட்டிருந்தால் பக்கத் தையலைப் பிரித்துத் தளர்த்தலாம், பருத்தியில் ஊசித்தடம் துவைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

மாம்பலம் வாசகி: அம்மாவின் பழைய டிஷ்யூ புடவையில் பிளவுஸ் தைக்கலாமா? மடிப்புகளில் கோடு விழுந்திருக்கிறது.

பார்க்காமல் என்னால் சொல்ல இயலாது. மடிப்பில் ஜரிகை முறிந்து பட்டு மட்டும் நிற்கிறதா, பட்டும் நைந்துவிட்டதா என்பதைப் பொறுத்தது. புடவையை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்; கோட்டில் ஊசிமுனை அளவு துளைகள் தெரிந்தால் அந்த இடத்தில் தையல் வரவே கூடாது. கோடுகளுக்கு இடையே முன்பாகத்துக்குப் போதுமான அகலம் இருக்கிறதா என்று அளந்து எழுதுங்கள், மேற்கொண்டு யோசிக்கலாம்.