விரல் நுனியால் தேடினால் கிடைக்காத நாடி

கேள்வி: செவிலியர் பயிற்சியில் இருக்கிறேன். சரிந்து விழும் நாடி, மெல்ல எழும் நாடி, மாறி மாறி அடிக்கும் நாடி, இரட்டை முகடு நாடி என்று நான்கு வகை சொல்கிறார்கள். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிகிறது. இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் இருக்கும் காலத்தில் இவை எதற்கு?

பதில்:

நீங்கள் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எண்ணிக்கைக்கு அது போதும். நாடியின் குணம் அதில் சரியாகத் தெரியாது. நான் மருத்துவர் அல்ல, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பணி ஓய்வு பெற்ற சிஸ்டர். வாதம், பித்தம் பேசவும் வரவில்லை. அந்தச் சண்டைக்கு வருகிறவர்கள் வேறு பதிலுக்குப் போகலாம்.

டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் தாய்மாமாவுக்கு வெகுநாளாக 'பிரஷர்'. கிளினிக் அட்டையில் 164/48 என்று எழுதியிருந்தது. மேலே உள்ள எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டிக்கொண்டே வந்தார்கள். கீழே உள்ள 48 ஏன் இவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டுக்கும் இடைவெளி 116. வயதானால் தமனி விறைத்து இடைவெளி கூடும், உண்மைதான். ஆனால் மாமாவின் கழுத்தில் துடிப்பு சட்டைக் காலருக்கு மேலே கண்ணுக்கே தெரிந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் தலை இலேசாக ஆடியது. அத்தை என்ன சொன்னாலும் தலையாட்டுகிறார் என்று வீட்டில் கேலி வேறு.

"மாமா, தோளில் வலி இருக்கிறதா?" என்று முதலில் கேட்டேன். இதைக் கேட்காமல் கையைத் தூக்கக்கூடாது. பிறகு மணிக்கட்டுக்குச் சற்று மேலே முன்கையை உள்ளங்கையால் சுற்றிப் பிடித்து, சாதாரணத் துடிப்பு மங்கும் அளவுக்கு அழுத்தி, கையைச் சட்டென்று தலைக்கு மேலே உயர்த்தினேன். தசையின் உள்ளிருந்து 'தட், தட்' என்று என் உள்ளங்கையில் அடித்தது. அடித்த வேகத்திலேயே காணாமல் போனது. சரிந்து விழும் நாடி இதுதான்.

காரணம் எளிது. பெருந்தமனி வால்வு சரியாக மூடாததால், இதயத்தின் இடது கீழறை வெளியே தள்ளிய இரத்தத்தில் ஒரு பகுதி உள்ளேயே திரும்பி வருகிறது. அடுத்த துடிப்பில் அந்தப் பங்கையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருப்பதால் மேல் எண் ஏறுகிறது. தமனியிலிருந்து பின்னோக்கி ஒழுகுவதால் கீழ் எண் விழுகிறது. கையைத் தூக்கும்போது புவியீர்ப்பும் சேர்ந்து அந்தச் சரிவைக் கூர்மையாக்குகிறது. டப்ளின் மருத்துவர் காரிகன் 1832இல் இதை விரிவாக எழுதினார். மாமாவின் மாத்திரைகளில் ஒன்று துடிப்பைக் குறைப்பது. கசிவு கடுமையாக இருப்பவருக்கு இதயம் மெதுவாக அடித்தால் துடிப்புகளுக்கு இடையிலான நேரம் நீண்டு, கசிவு கூடக்கூடும். அந்த அட்டையோடு அவரை இதய மருத்துவரிடம் அனுப்பியது அதனால்தான். நோயை உறுதி செய்தது எக்கோதான், நான் இல்லை. ஆனால் எக்கோ எடுக்க வேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டுமே! சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் வால்வைச் சுருக்கியிருந்தது. வால்வை மாற்றினார்கள். இப்போது கீழ் எண் 74.

இந்த நாடி வந்தாலே வால்வுதான் என்று முடிவு கட்டாதீர்கள். கடும் காய்ச்சல், இரத்தசோகை, கர்ப்பம், தைராய்டு மிகுதி ஆகியவற்றிலும் வரும்.

   

மெல்ல எழும் நாடியைக் கழுத்தில் தேடுங்கள், ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். பெருந்தமனி வால்வு குறுகியிருப்பதால் அலை தாமதமாக, தாழ்வாக ஏறும். முதியவர்களின் விறைத்த தமனி இதை மறைத்துவிடும். கசிவும் குறுகலும் சேர்ந்திருந்தால், அல்லது இதயத் தசை தடித்து இரத்தம் வெளியேறும் வழியை அடைத்தால், ஒரே துடிப்பில் இரண்டு முகடு தட்டுப்படலாம். கழுத்திலோ முழங்கை மடிப்பிலோதான் அது தெரியும்.

மாறி மாறி அடிக்கும் நாடியை விரலை நம்பித் தேடாதீர்கள். கையால் ஊதும் பிரஷர் கருவியில் காற்றை மிக மெதுவாக இறக்குங்கள். முதலில் வலுத்த துடிப்புகள் மட்டும் கேட்கும். இன்னும் சற்று இறக்கியதும் ஒலிகளின் எண்ணிக்கை திடீரென்று இரு மடங்காகும். இடது கீழறை களைத்துவிட்டது என்று பொருள். துடிப்புகளின் இடைவெளி சீராக இருக்கிறதா என்று பாருங்கள். சீராக இல்லையென்றால் அது இடையில் புகும் மிகைத்துடிப்பு. தானியங்கிக் கருவி இதைக் காட்டாது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். தொற்றாலோ, பெருந்தமனிச் சுவர் கிழிந்தோ வால்வு திடீரென்று கசியத் தொடங்கினால், கீழறை விரிந்து பழகியிருக்காது. அப்போது கசிவு கடுமையாக இருந்தும் நாடி சரிந்து விழாது. மூச்சுத் திணறலும் வேகமான துடிப்புமாக வருகிறவரின் கையைத் தூக்கிப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிடாதீர்கள்.