மையத்தை விட்டுவிட்டுக் குவியத்திலிருந்து அளந்தால்

"சிங்கப்பூர் உபியில் சர்க்கிட் போர்டுகளைச் சோதிக்கும் கேமராக்களைப் பொருத்தும் வேலை எனக்கு. 25 மி.மீ. லென்ஸ், 8.8 மி.மீ. அகலச் சென்சார். போர்டில் 44 மி.மீ. அகலம் படம் முழுக்க நிறைய வேண்டும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் வளையம் போடுவது, லென்ஸை எவ்வளவு தள்ளி வைப்பது என்று ஒவ்வொரு தடவையும் 1/f = 1/u + 1/v போட்டுப் பார்க்கிறேன். கணக்கும் நீள்கிறது, பொருத்தும்போது பத்துப் பதினைந்து மில்லி தவறியும் போகிறது. எங்கள் சீனியர் அண்ணன், 'குவியத்திலிருந்து அள, ஒரே வரி' என்கிறார். அது என்ன கணக்கு? எப்போதும் செல்லுமா?"

உங்கள் வேலைக்குச் செல்லும். எல்லா வேலைக்கும் செல்லாது. அந்த வேறுபாடு எங்கே வருகிறது என்பதை உங்கள் எண்களை வைத்தே பார்த்துவிடலாம்.

பள்ளியில் படித்த சூத்திரத்தில் u, v இரண்டும் லென்ஸின் மையத்திலிருந்து தொடங்குகின்றன. அதற்குப் பதிலாக, பொருள் முன் குவியத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை x என்றும், பிம்பம் பின் குவியத்திலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது என்பதை x′ என்றும் வைத்துக்கொள்ளுங்கள். u = f + x, v = f + x′ என்று பழைய சூத்திரத்தில் போட்டுச் சுருக்கினால் பின்னமெல்லாம் போய், x · x′ = f² என்று நிற்கும். நியூட்டன் பெயரால் வழங்கும் வடிவம் இது.

சுருக்கிப் பார்ப்பதைவிடப் படம் வரைந்து பார்ப்பது நல்லது, ஏனென்றால் இன்னொரு விஷயமும் சேர்ந்து கிடைக்கும். பொருளின் உச்சியிலிருந்து முன் குவியம் வழியாக ஒரு கதிர் போகட்டும். லென்ஸைத் தாண்டியதும் அது அச்சுக்கு இணையாகப் போகும். ஆகவே அது லென்ஸைத் தொடும் உயரம்தான் பிம்பத்தின் உயரமும். குவியத்துக்கு இந்தப் பக்கம் x நீளத்தில் பொருளின் உயரம், அந்தப் பக்கம் f நீளத்தில் பிம்பத்தின் உயரம்: இரண்டு ஒத்த முக்கோணங்கள். அதனால் உருப்பெருக்கம் m = f/x. பின் பக்கத்திலும் இதே மாதிரி வரைந்தால் m = x′/f. இரண்டும் ஒன்றே என்பதால் x · x′ = f² தானாக வந்துவிடுகிறது.

இந்த m = x′/f என்பதுதான் உங்களுக்கு வேண்டிய வரி. உங்கள் சிக்கலில் u, v எதுவுமே கொடுக்கப்படவில்லை என்பதைக் கவனித்தீர்களா? கொடுத்திருப்பது உருப்பெருக்கம்: 8.8 ஐ 44 ஆல் வகுத்தால் 0.2. ஆகவே x′ = 0.2 × 25 = 5 மி.மீ. லென்ஸின் குவிய வளையம் முடிவிலியில் நிற்கும்போது சென்சார் சரியாகப் பின் குவியத்தில் இருக்கிறது. அங்கிருந்து லென்ஸை எவ்வளவு முன்னே தள்ள வேண்டுமோ அதுதான் x′. அதாவது, நீங்கள் போட வேண்டிய வளையத்தின் தடிமனே அதுதான். சி-மவுண்ட் வளையங்களில் 5 மி.மீ. தாராளமாகக் கிடைக்கும் அளவு. பொருள் பக்கம் x = 25 / 0.2 = 125 மி.மீ. கணக்கு முடிந்தது.

பழைய வழியில் இதே கணக்கு எப்படிப் போகும்? v = 0.2u என்று போட்டு, பின்னங்களைக் கூட்டி, u = 150, v = 30 என்று கண்டுபிடித்து, அப்புறம் 30 இலிருந்து 25 ஐக் கழித்து 5 என்று எடுக்க வேண்டும். தேவைப்பட்டதோ அந்த 5 மட்டும்.

சரி, அந்தப் பத்துப் பதினைந்து மில்லி எங்கே தவறுகிறது? கணக்கில் இல்லை, அளவுநாடாவில்தான் இருக்கிறது. 150 மி.மீ. என்று கணக்கு சொல்கிறது. எந்தப் புள்ளியிலிருந்து 150? பாடப்புத்தக லென்ஸ் ஒரே கண்ணாடி, அதற்கு நடு உண்டு. உங்கள் கேமரா லென்ஸில் ஐந்தாறு கண்ணாடிகள் உள்ளே அடுக்கப்பட்டிருக்கும். அதில் u ஓர் இடத்திலிருந்தும் v வேறோர் இடத்திலிருந்தும் தொடங்கும். முதன்மைத் தளங்கள் என்று அவற்றுக்குப் பெயர், இரண்டும் உருளைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கின்றன. நாம் குத்துமதிப்பாக உருளையின் நடுவில் நாடாவை வைத்து அளக்கிறோம். குவியம் அப்படியில்லை, பல சமயம் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

முன் குவியத்தை இப்படிக் கண்டுபிடியுங்கள். லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றித் துவாரத்தை முழுதாகத் திறந்து வையுங்கள். பகலில் வீட்டு ஜன்னலுக்கு எதிர்ச் சுவர்ப் பக்கம் நின்று, சென்சார் பக்கம் எதிர் புளோக்கைப் பார்க்கும்படி திருப்பிப் பிடியுங்கள். முன் கண்ணாடிக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளை நெருக்கிக் கொண்டுபோனால், ஓரிடத்தில் எதிர் புளோக்கின் தாழ்வாரமும் துணி காயும் கம்புகளும் தலைகீழாகப் பளிச்சென்று விழும். தாள் நிற்கும் இடம்தான் முன் குவியம். எதிர் புளோக் 40 மீட்டர் தள்ளி இருந்தால் அது முடிவிலி ஆகுமா என்ற சந்தேகம் வரலாம். அதையும் இதே சூத்திரம் தீர்க்கும்: 625 ஐ 40,000 ஆல் வகுத்தால் 0.016 மி.மீ. தாளின் தடிமனைவிடக் குறைவு.

லென்ஸின் முன் விளிம்பிலிருந்து தாள்வரை 11 மி.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். முன் விளிம்பிலிருந்து போர்டுக்கு 11 + 125 = 136 மி.மீ. வைத்தால் படம் கூர்மையாக நிற்கும். இந்த 11 ஐ ஒரு தடவை அளந்து லென்ஸ் மேலேயே ஒட்டி வைத்துவிடுங்கள். வேறு உருப்பெருக்கம் கேட்டாலும் அது மாறாது. சில லென்ஸ்களில், முக்கியமாகக் குறுகிய குவியத்தூரம் உள்ளவற்றில், முன் குவியம் உருளைக்குள்ளேயே விழும். அப்போது தாளில் எதுவும் தெரியாது. அதற்காகக் கலங்க வேண்டாம். வளையத்தைப் போட்டு, படம் கூர்மையாகும்வரை கேமராவை ஏற்றி இறக்கி, போர்டுவரை உள்ள தூரத்தை அளந்து 125 ஐக் கழியுங்கள். கழித்தல் குறி வந்தால் குவியம் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அந்த எண்ணும் அடுத்த தடவைக்கு அப்படியே உதவும்.

இதில் வழக்கமாக நடக்கும் பிழை ஒன்றே ஒன்று. குவிய வளையம் முடிவிலியில் இல்லாமல் 0.3 மீட்டரில் பூட்டிக் கிடக்கும். அப்போது லென்ஸ் தானாகவே சுமார் 2 மி.மீ. முன்னே வந்திருக்கும். நீங்கள் போட்ட 5 மி.மீ. வளையம் உண்மையில் 7 மி.மீ. ஆகிவிடும். கண்டுபிடிப்பது சுலபம்: போர்டு இருக்கும் இடத்தில் ஓர் எஃகு அளவுகோலை வைத்துப் பாருங்கள். திரையில் 44 மி.மீ. தெரிய வேண்டிய இடத்தில் 42 தான் தெரிகிறது என்றால் m = 8.8 / 42 = 0.2095, அதாவது x′ = 5.24. எங்கேயோ கால் மில்லிமீட்டர் கூடுதலாக நுழைந்திருக்கிறது. முதலில் குவிய வளையத்தைப் பாருங்கள், அப்புறம் மரை முழுதாக இறுகியிருக்கிறதா என்று பாருங்கள்.

லென்ஸ் மேல் எழுதியிருக்கும் 25 மீது நம்பிக்கை இல்லையா? வளையம் 5 மி.மீ. ஆக இருக்கும்போது m எவ்வளவு, 10 மி.மீ. ஆக மாற்றினால் எவ்வளவு என்று அளவுகோலை வைத்தே அளந்துகொள்ளுங்கள். குவிய வளையத்தை மட்டும் தொடாதீர்கள்; கேமராவை ஏற்றி இறக்கியே கூர்மையாக்குங்கள். x′ = m · f என்பதால் வளையத்தில் கூடிய 5 மி.மீ. ஐ, m இல் கூடியதால் வகுத்தால் f வந்துவிடும். 0.2 இலிருந்து 0.4 ஆகக் கூடியிருந்தால் 5 / 0.2 = 25. எந்த மையமும் தெரியாமலே, எந்தக் குவியத்தையும் தேடாமலே குவியத்தூரம் கையில் கிடைக்கிறது. இந்தச் சூத்திரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். குவிய வளையத்தைத் திருப்பும்போது உள்ளே இருக்கும் சில கண்ணாடிகள் மட்டும் நகரும் வகை லென்ஸ்களில், திருப்பத் திருப்ப f கூட மாறும். அவற்றில் வளையம் முடிவிலியில் நிற்கும்போது மட்டும் இந்தக் கணக்கை நம்புங்கள்.

இன்னோரிடத்திலும் வேலை குறையும். உங்கள் போர்டில் 5 மி.மீ. உயரமான மின்தேக்கி ஒன்று நிற்கிறது. போர்டின் பரப்பு கூர்மையாக இருக்கும்போது அதன் தலை எவ்வளவு மங்கும்? தலைக்கு x = 120. ஆகவே x′ = 625 / 120 = 5.21. சென்சாரோ 5.00 இல் இருக்கிறது. 0.21 மி.மீ. பின்னால் போய்க் குவிகிறது. துவார எண் 8 என்றால், இந்த உருப்பெருக்கத்தில் அது 1 + m = 1.2 மடங்காகி, 8 × 1.2 = 9.6 மாதிரி நடந்துகொள்ளும். 0.21 ஐ 9.6 ஆல் வகுத்தால் மங்கல் வட்டம் 0.022 மி.மீ. பிக்சல் 3.45 மைக்ரான் என்றால் சுமார் ஆறு பிக்சல். மின்தேக்கி இருக்கிறதா இல்லையா என்று பார்க்க இது போதும், அதன் மேல் அச்சிட்ட எழுத்தைப் படிக்கப் போதாது. இதையே மையத்திலிருந்து செய்தால் 30.00 க்கும் 30.21 க்கும் உள்ள வித்தியாசத்தைத் தேட வேண்டும். பின்னங்களை இரண்டு தசமத்தில் வெட்டினால் அந்த வித்தியாசமே காணாமல் போய்விடும்.

எங்கே இதை விட்டுவிட வேண்டும்? u, v இரண்டையும் கொடுத்து f ஐக் கேட்டால், (u − f)(v − f) = f² என்று எழுதி விரிக்க வேண்டியிருக்கும், கடைசியில் பழைய சூத்திரமேதான் வந்து நிற்கும். வீண் சுற்று. இரண்டு லென்ஸ்கள் அடுத்தடுத்து இருந்தாலும், முதல் லென்ஸின் பின் குவியத்திலிருந்து இரண்டாவதின் முன் குவியத்துக்கு அளவை மாற்றிக்கொண்டே போக வேண்டும். மையத்திலிருந்து அளப்பதைவிட அது ஒன்றும் குறைவான வேலை இல்லை.

குழிலென்ஸில் சூத்திரம் செல்லும், ஆனால் நாம்தான் தடுமாறுவோம். அதன் முன் குவியம் லென்ஸுக்குப் பின்னால் இருக்கிறது, பின் குவியம் முன்னால் இருக்கிறது. குவியத்தூரம் 15 செ.மீ. உள்ள குழிலென்ஸுக்கு 30 செ.மீ. முன்னால் பொருள் இருந்தால், x என்பது 30 − 15 இல்லை, 30 + 15 = 45. x′ = 225 / 45 = 5. லென்ஸுக்கு 15 செ.மீ. முன்னால் இருக்கும் பின் குவியத்திலிருந்து 5 செ.மீ. லென்ஸை நோக்கி வந்தால், பிம்பம் லென்ஸுக்கு 10 செ.மீ. முன்னால். கழித்து 15 என்று எடுப்பவர்களுக்கு x′ உம் 15 ஆகி, பிம்பம் லென்ஸ் மேலேயே வந்து உட்காரும். அப்படி ஒரு விடை வந்தால் குவியங்களை இடம் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.