பூரி குடிக்கும் எண்ணெய்க்கு எத்தனை கலோரி?

கேள்வி: உடல் எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். பூரி மசாலாவுக்குக் கலோரி பார்த்தால், ஒரு செயலி பூரிக்கு 70 என்கிறது, இன்னொன்று 150 என்கிறது. எண்ணெயையும் சேர்த்த கணக்கு எது?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: 20 கிராம் கோதுமை மாவிலேயே கிட்டத்தட்ட 70 கலோரி இருக்கிறது. எனவே முதல் எண்ணில் எண்ணெய் சேர்ந்திருக்க வாய்ப்பு குறைவு. பூரியின் அளவைச் சொல்லாத எந்த எண்ணையும் நம்பாதீர்கள். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு இருந்தால் நீங்களே அளந்துவிடலாம். வாங்கும்போது 5 கிலோ தாங்குவதாகப் பாருங்கள். எண்ணெயோடு இரும்பு வாணலியை வைக்க வேண்டியிருக்கும்.

பொரிக்கும் முன்னும் பின்னும் பூரியை நிறுத்துப் பார்ப்பதில் பயனில்லை. எண்ணெய் உள்ளே போகும் நேரத்திலேயே மாவின் நீர் ஆவியாக வெளியேறுகிறது. எடை குறைந்துகூடக் காட்டும், எண்ணெயே ஏறவில்லை என்று தோன்றும். நிறுக்க வேண்டியது வாணலியை. அடுப்பில் ஏற்றும் முன் எண்ணெயோடு ஒரு முறை, எல்லாம் பொரித்து நன்றாக ஆறிய பின் ஒரு முறை. வடியவிட்ட தாளையும் இரு முறை நிறுத்து, அதில் ஏறிய எண்ணெயைக் கழித்துவிடுங்கள்.

200 கிராம் மாவில் 12 பூரி வருகிறது என்று வையுங்கள். மாவுக்கு 680 கலோரி, பூரிக்கு 57. வாணலியில் 60 கிராம் குறைந்து, தாளில் 4 கிராம் ஏறியிருந்தால், பூரிகள் குடித்தது 56 கிராம். ஒன்றுக்கு ஏறத்தாழ 4.7 கிராம். எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரிதான், கடலை எண்ணெய்க்கும் சூரியகாந்திக்கும் இதில் வேறுபாடு இல்லை. ஆக 42. மொத்தம் பூரிக்கு 100 கலோரி அளவில் நிற்கிறது.

மசாலாவில் கால் கிலோ உருளைக்கிழங்கு, இரண்டு வெங்காயம், நான்கு தேக்கரண்டி எண்ணெய் போட்டு நான்கு பேருக்குப் பரிமாறினால், ஆளுக்கு 100 கலோரி. மூன்று பூரியோடு 400.

இந்த 4.7 கிராம் எல்லா வீட்டிலும் ஒன்றாக இராது. மாவு தளர்ந்திருந்தால் வெளியேறும் நீர் அதிகம், அந்த இடத்தில் எண்ணெயும் அதிகம் ஏறும். எண்ணெய் காயாமல் போட்டால் பூரி உப்பாமல் அடியில் கிடந்து ஊறும். எடுத்த பிறகும் கவனம் வேண்டும்: பூரி ஆற ஆற உள்ளிருக்கும் ஆவி அடங்கி, மேலே ஒட்டிய எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆகவே வாணலி விளிம்பிலேயே சில விநாடிகள் வடியவிட்டு, சூடாக இருக்கும்போதே செங்குத்தாகச் சாய்த்து வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள்.

உணவகப் பூரிக்கு வாணலியை நிறுக்க வழியில்லை. பார்சல் வாங்கி வந்து பூரியை மட்டும் நிறுத்து, கிராமுக்கு 4 கலோரி என்று போடுங்கள். 40 கிராம் பூரி என்றால் 160. தொட்டால் கையில் எண்ணெய் வழிகிறது என்றால் கிராமுக்கு நாலரை வரை கூட்டிக்கொள்ளுங்கள்.