பெயர் பதிந்திருக்கிறேன், எண் மட்டும்தான் வருகிறது

"சிங்கப்பூரில் இருக்கும் என் மகள் அழைத்தாலும், எங்கள் குடும்ப மருத்துவரின் கிளினிக்கிலிருந்து அழைத்தாலும் கைபேசியில் வெறும் எண்தான் தெரிகிறது. இருவர் பெயரையும் பதிந்திருக்கிறேன். பழைய கைபேசியில் பெயர் வந்தது. போன மாதம் புதியது வாங்கியதிலிருந்து வருவதில்லை. மற்றவர்கள் அழைத்தால் பெயர் சரியாக வருகிறது. மகன் கணினியில் கூகுள் கணக்கைத் திறந்து மகளின் எண்ணைத் திருத்தினான். அதன் பிறகும் மாறவில்லை. என்ன செய்வது?"
— வாசகி, கும்பகோணம்

மற்றவர்களின் பெயர் சரியாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே பாதி விடை. யார் அழைத்தாலும் எண் மட்டுமே வந்தால், அழைப்புச் செயலிக்குத் தொடர்புகளைப் பார்க்கும் அனுமதி இல்லை என்று பொருள். Settings-இல் Apps, அதில் Phone, அதில் Permissions என்று போய் Contacts என்பதற்கு அனுமதி கொடுத்தால் அது சரியாகிவிடும். உங்களுக்கு அந்தக் கோளாறு இல்லை. இரண்டே பேருக்கு மட்டும் பெயர் வரவில்லை என்றால், அந்த இரண்டு எண்களும் எப்படிப் பதியப்பட்டிருக்கின்றன என்றுதான் பார்க்க வேண்டும்.

மகள் அழைக்கும்போது உங்கள் கைபேசிக்கு வந்து சேர்வது ஓர் எண். அந்த எண்ணை உங்கள் தொடர்புப் பட்டியலில் தேடி, பொருந்தினால் நீங்கள் பதிந்த பெயரைத் திரையில் காட்டுவது கைபேசியின் வேலை. பழைய ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவும் இந்தத் தேடலில் தாராளமாக நடந்துகொண்டன. வலப்பக்கத்திலிருந்து 7 இலக்கங்கள் ஒத்துப்போனால் போதும், இருவரும் ஒருவரே என்று முடிவு செய்துவிடும். அதனால் அரைகுறையாகப் பதிந்த எண்ணுக்கும் பெயர் வந்தது. ஆனால் கடைசி 7 இலக்கங்கள் தற்செயலாக ஒன்றாக இருக்கும் வேறொருவர் அழைத்தால், தவறான பெயரும் வந்தது. புதிய கைபேசிகள் பல நாட்டுக் குறியீட்டையும் சேர்த்துப் பார்க்கின்றன. இது கறாரான முறை, சரியான முறையும்கூட. பழைய பதிவுகள்தான் அதற்கு ஈடுகொடுப்பதில்லை.

மகளின் எண்ணை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் கைபேசி எண்களுக்கு 8 இலக்கங்கள். மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, அங்கே எல்லோரும் சொல்வதுபோல் அந்த 8 இலக்கங்களை மட்டும் பதிந்திருப்பீர்கள். அங்கே அந்த ஊர் சிம்மோடு இருந்தவரை அது முழுமையான எண்தான். கும்பகோணத்தில் இந்திய சிம் போட்ட கைபேசி, நாட்டுக் குறியீடு இல்லாத எந்த எண்ணையும் இந்திய எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்:

```
பதிந்தது:  9XXX XX47
வருவது:   +65 9XXX XX47
```

உங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கைபேசிக்கு முதலாவது இந்தியாவில் இல்லாத ஒரு 8 இலக்க எண். இரண்டாவது சிங்கப்பூர் எண். பொருந்தவில்லை.

கிளினிக்கின் கதையும் இதேதான், ஊர் அளவில். கும்பகோணத்தில் தரைவழித் தொலைபேசிக்கு 7 இலக்கங்கள், எஸ்.டி.டி. குறியீடு 0435. உள்ளூர்தானே என்று 7 இலக்கங்களை மட்டும் பதிந்திருப்பீர்கள். கைபேசிக்கு அழைப்பு வரும்போது குறியீடும் சேர்ந்தே வரும். பழைய கைபேசிக்குக் கடைசி 7 இலக்கங்களே போதுமாக இருந்ததால் இத்தனை நாள் இந்தக் குறை வெளியில் தெரியவில்லை.

திருத்துவதற்கு மிக நம்பகமான வழி, எண்ணைக் கையால் அடிக்காமல் அழைப்புப் பட்டியலிலிருந்தே எடுப்பது. மகள் அழைத்ததும் பட்டியலில் அந்த வெறும் எண்ணைத் தொட்டு, ஏற்கெனவே உள்ள தொடர்பில் சேர்க்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, மகளின் பெயரைத் தொடுங்கள். எண் எந்த வடிவில் வந்ததோ அதே வடிவில் பதிந்துவிடும். பிறகு பழைய 8 இலக்கப் பதிவை நீக்கிவிடுங்கள். கையால் அடிப்பதாக இருந்தால், 0 விசையை அழுத்திப் பிடித்தால் + வரும். அதன் பின் நாட்டுக் குறியீடு, பின் எண். இடைவெளியோ சிறுகோடோ இருந்தால் கெடுதல் இல்லை.

ஒரு பிழையை மட்டும் அடிக்கடி பார்க்கிறேன். +91 போட்டபின் எஸ்.டி.டி. குறியீட்டின் முன்னுள்ள பூஜ்யத்தையும் விடாமல் எழுதிவிடுகிறார்கள். அந்தப் பூஜ்யம் நாட்டுக்குள் அழைப்பதற்கு மட்டும் உரியது. கிளினிக் எண்ணை `0435 24XXXXX` என்றோ `+91 435 24XXXXX` என்றோ பதியலாம். `+91 0435` என்று பதியக் கூடாது. ஒரே கட்டத்தில் இரண்டு எண்களைச் சாய்கோடு போட்டு எழுதும் பழக்கமும் நம்மிடம் உண்டு. கைபேசி அவற்றை ஒரே நீண்ட எண்ணாகப் படிப்பதால், இரண்டுமே பொருந்தாமல் போகும். ஒவ்வோர் எண்ணுக்கும் தனிக் கட்டம் வேண்டும்.

இனி, மகன் செய்த திருத்தம் ஏன் வந்து சேரவில்லை? கைபேசியில் மகளின் பெயரைத் திறந்து எண்ணைப் பாருங்கள். அங்கே இன்னும் 8 இலக்கங்களே இருந்தால், கணினியில் செய்த திருத்தம் கைபேசிக்கு வரவில்லை. இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, புதிய கைபேசியில் தொடர்புகளின் ஒத்திசைவு அணைந்திருப்பது. Settings-இல் கணக்குகள் பகுதிக்குச் சென்று, உங்கள் கூகுள் கணக்கைத் தொட்டு, Account sync என்பதில் Contacts அணைந்திருந்தால் இயக்குங்கள். அங்கே மின்னஞ்சல் முகவரியையும் படித்துப் பாருங்கள். மகன் கணினியில் திறந்த கணக்கும் கைபேசியில் உள்ள கணக்கும் வெவ்வேறாக இருந்தால் எத்தனை நாள் காத்திருந்தாலும் எதுவும் வராது.

இன்னொரு காரணம் கொஞ்சம் மறைவானது. மகளின் பெயர் கூகுள் கணக்கில் ஒன்று, சிம்மிலோ கைபேசி நினைவகத்திலோ இன்னொன்று என இரண்டு பிரதிகளாக இருக்கலாம். பழைய கைபேசியிலிருந்து எல்லாவற்றையும் மாற்றும்போது இப்படி நேர்வது வழக்கம். மகன் திருத்தியது கூகுள் பிரதியை. நீங்கள் திறந்து பார்ப்பது சிம் பிரதியை. சிம்மில் உள்ளதைக் கூகுள் கணக்கு தொடுவதில்லை. பெயரைத் திறந்து திருத்தும் பக்கத்துக்குப் போனால், அது எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும்: மின்னஞ்சல் முகவரி இருந்தால் கூகுள் கணக்கு, SIM அல்லது Device என்றிருந்தால் கைபேசியோடு நின்றுவிட்ட பதிவு. கூகுள் பிரதியில் சரியான எண் இருப்பதை உறுதி செய்துகொண்டு, மற்றதை நீக்குங்கள். வரிசை முக்கியம்; முதலில் நீக்கிவிட்டுப் பிறகு தேடினால் எண்ணே கையில் இல்லாமல் போகலாம்.

இதையெல்லாம் செய்த பிறகும் பழைய அழைப்புகள் பட்டியலில் வெறும் எண்ணாகவே தெரியலாம். அழைப்பு வந்த நேரத்தில் கிடைத்த விவரத்தைப் பட்டியல் தனியே வைத்துக்கொள்கிறது. அதைப் பார்த்து எண்ணை மீண்டும் மாற்ற வேண்டாம். மகளை ஒருமுறை அழைக்கச் சொல்லி, மணி ஒலிக்கும்போது திரையைப் பாருங்கள். வாட்ஸ்அப் அழைப்பாக இல்லாமல் சாதாரண அழைப்பாக இருக்கட்டும். வாட்ஸ்அப் தன்னிடம் மட்டும் தனியே பெயரைப் பதிந்து வைத்திருக்கக்கூடும் என்பதால், அங்கே பெயர் வருவது இதற்குச் சோதனை ஆகாது. அப்போதும் எண்ணாகவே வந்தால் முன்பகுதியைக் கவனியுங்கள். +65-க்குப் பதில் 0065 என்று வந்தால், அந்த வடிவத்தையும் மகளின் பெயரிலேயே இரண்டாவது எண்ணாகச் சேர்த்துவிடுங்கள். மகளின் எண்ணே இல்லாமல் ஏதோ ஓர் இந்திய எண் வந்தால், அழைப்பு வந்த வழியிலேயே எண் மாறியிருக்கிறது. உங்கள் கைபேசியில் எதைத் திருத்தியும் பயனில்லை. மகள் எந்த நிறுவனத்தின் வழியாக அழைக்கிறாரோ அங்கேதான் கேட்க வேண்டும்.