டிஜிட்டல் வெப்பமானியின் நுனிக்குள் இருக்கும் மணி

கேள்வி: டிஜிட்டல் வெப்பமானிக்குள் இரசமே இல்லையே, காய்ச்சலை எப்படி அளக்கிறது? கண்ணாடி வெப்பமானியை விடக் கெதியாக எப்படிக் காட்டுகிறது?

கல்லடியில் எங்கள் வீட்டில் பழுதாகிக் கிடந்த ஒன்றை மகளுக்குக் காட்டவென்று கழற்றினேன். நுனியில் இருக்கும் மெல்லிய உருக்கு மூடியை இழுத்தெடுத்தால், தலைமுடி போன்ற இரண்டு கம்பிகளின் முனையில் கடுகளவு மணி ஒன்று. அதுதான் தேர்மிஸ்டர். மங்கனீசு, நிக்கல் போன்ற உலோகங்களின் ஒட்சைட்டுகளைச் சுட்டுச் செய்த ஒருவகைப் பீங்கான். செப்புக் கம்பி சூடானால் மின்தடை கூடும். இது சூடாகச் சூடாகத் தடை குறையும், அதுவும் நன்றாகவே குறையும்.

கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் வகை ஒன்றை எடுப்போம். 25 பாகை செல்சியசில் அதன் தடை 10,000 ஓம். 37 பாகையில் ஏறத்தாழ 5,990, 38 பாகையில் 5,750. ஒரு பாகைக்கு 240 ஓம் என்றால் 0.1 பாகைக்கு 24 ஓம். இவ்வளவு வித்தியாசத்தை மலிவான மின்னணுச் சில்லு ஒன்றே பிடித்துவிடும்.

எப்படிப் பிடிக்கிறது? பல வெப்பமானிகளில், மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு சிறு கொள்ளளவி தேர்மிஸ்டர் வழியாக நிரம்ப எடுக்கும் நேரத்தைச் சில்லு எண்ணுகிறது. அப்புறம் அதே கொள்ளளவியை, தடை மாறாத இன்னொரு தடையி வழியாக நிரப்பி எண்ணுகிறது. இரண்டையும் வகுத்தால் பற்றரி கொஞ்சம் இறங்கியிருந்தாலும் விடை பெரிதாக மாறாது. அந்த விகிதத்துக்கு எத்தனை பாகை என்பது சில்லிலேயே பதிந்திருக்கிறது.

இனி வேகம். கண்ணாடி வெப்பமானியில் குமிழின் சுவரைத் தாண்டி, உள்ளே இருக்கும் இரசம் முழுவதும் சூடாக வேண்டும். கண்ணாடி வெப்பத்தை மெதுவாகத்தான் விடும். இங்கே சூடாக வேண்டியது மெல்லிய உருக்கும் அந்தக் கடுகு மணியும் மட்டும்.

ஆனால் வேகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைத் தெரியாமல்தான் நான் ஒருமுறை ஏமாந்தேன். வெப்பநிலை ஏறுவது குறைந்து, சில செக்கன்களுக்கு எண் அசையாமல் நின்றால் "முடிந்தது" என்று சில்லு முடிவெடுத்து பீப் அடிக்கும். நுனி என்னதான் வேகமாக இருந்தாலும், கமக்கட்டுத் தோல் மூடியிருந்து உடம்புச் சூட்டுக்கு வரச் சில நிமிடம் வேண்டும். மகளுக்கு நெற்றி கொதித்த இரவில் அவள் கையைத் தளர்த்தி வைத்திருந்தாள், 36.4 என்று காட்டி பீப் அடித்தது. எனக்கு நம்ப முடியவில்லை. வியர்வையைத் துடைத்து, நுனியைக் குழியின் நடுவில் வைத்து, கையை உடம்போடு அணைத்துப் பிடித்து ஐந்து நிமிடம் விட்டு, அப்படியே மறுபடி அளந்தேன். 38.6.

அன்றிலிருந்து கையை மூடிக் கொஞ்ச நேரம் கழித்தே அளக்கத் தொடங்குகிறேன். பீப் வந்த பிறகும் ஒரு நிமிடம் எடுக்காமல் விடுகிறேன். சில வகைகளில் எண் அப்போதும் ஏறும்.