ரேடியோ அயோடின் எடுத்துக்கொண்ட பிறகு: கேள்வி பதில்

அணு மருத்துவப் பிரிவில் மருத்துவராக 19 ஆண்டுகளாக இருக்கிறேன். ஹைப்பர் தைராய்டுக்கு, அதாவது தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பதற்கு, ரேடியோ அயோடின் கேப்சூல் எடுப்பவர்களின் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

"கேப்சூல் சாப்பிட்டு எட்டு வாரம் ஆகிறது. டிஎஸ்எச் 0.02 தான் இருக்கிறது. இன்னும் ஹைப்பர் போகவில்லை என்று மீதியிருந்த கார்பிமசோலை நானே மறுபடி ஆரம்பித்தேன். ஆனால் எடை ஏறுகிறது, ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, குளிர் தாங்கவில்லை."

தைராய்டை அடக்கும் அந்தக் கார்பிமசோலை இன்றே நிறுத்துங்கள். உங்கள் மருத்துவரையும் இன்றே கூப்பிடுங்கள். அதே ரத்தத்தில் ஃப்ரீ டி4, அதாவது தைராய்டு ஹார்மோனின் அளவு, பார்த்தார்களா?

"பார்த்திருக்கிறார்கள். 0.4. பக்கத்தில் 0.8 முதல் 1.8 வரை என்று போட்டிருக்கிறது."

அப்படியென்றால் நீங்கள் ஹைப்பரில் இல்லை, சுரப்பு குறைந்து நன்றாகவே ஹைப்போவுக்குள் போய்விட்டீர்கள். டிஎஸ்எச் தைராய்டைச் சுரக்கச் சொல்லும் ஹார்மோன், அதைச் சுரப்பது மூளையடியில் உள்ள பிட்யூட்டரி. பல மாதங்கள் தைராய்டு ஹார்மோன் அளவுக்கு மீறி ஓடியதால் அது சுரப்பதை நிறுத்திவிட்டது. கேப்சூல் தைராய்டைச் சுட்டு டி4 கீழே வந்த பிறகும் அது உடனே விழிப்பதில்லை. சிலருக்கு ஒரு மாதம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். அந்த இடைவெளியில் டிஎஸ்எச் எண் பழைய கதையைத்தான் சொல்லும், இன்றைய நிலையைச் சொல்வது ஃப்ரீ டி4. லேப் தாளில் "குறைவு" என்று தடித்த எழுத்தில் வந்ததைப் பார்த்து ஹைப்பர் என்று நினைத்தீர்கள். ஏற்கெனவே வற்றிக்கொண்டிருந்த சுரப்பியை கார்பிமசோல் இன்னும் அடக்கிவிட்டது.

இனி நடக்க வேண்டியது இது. மருத்துவர் தைராய்டு ஹார்மோன் மாத்திரையான லெவோதைராக்சினைத் தொடங்குவார். சுரப்பி முழுக்க ஓய்ந்தவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும். 60 கிலோ உள்ளவருக்கு அது கிட்டத்தட்ட 100 மைக்ரோகிராம். வயதானவர், இதய நோய் உள்ளவர் என்றால் 25 போலக் குறைவாகத் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு: 0.4இல் எவ்வளவு கேப்சூலால், எவ்வளவு நீங்கள் விழுங்கிய கார்பிமசோலால் என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் கார்பிமசோல் சாப்பிட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபடி ரத்தம் கொடுங்கள், டிஎஸ்எச் மட்டும் போதாது, ஃப்ரீ டி4ம் எழுதித் தரச் சொல்லுங்கள்.

"அடுத்த வாரம் எனக்கு. ஒரு மாதம் உப்பு, மீன் எல்லாம் விட்டால்தான் வேலை செய்யுமாமே? நான் மூன்று வாரமாக விட்டுவிட்டேன்."

பாதி சரி. அவ்வளவு கண்டிப்பான பத்தியம் பெரும்பாலும் தைராய்டு புற்றுநோய்க்குக் கேப்சூல் எடுப்பவர்களுக்கு. ஹைப்பர் தைராய்டில் சுரப்பியே அயோடினை ஆவலாக இழுத்துக்கொள்ளும். கடற்பாசி, அயோடின் கலந்த சத்து மாத்திரை போன்றவற்றைத் தவிர்த்தால் பெரும்பாலும் போதும். உங்கள் மையம் வேறு சொல்லியிருந்தால் அதைக் கேளுங்கள். உண்மையில் காரியத்தைக் கெடுப்பது உப்பு அல்ல, சில வாரங்களுக்கு முன்பு சாய மருந்து ஏற்றி எடுத்த சிடி ஸ்கேன். அதில் இருக்கும் அயோடின் சுரப்பியை நிரப்பிவிடும், கேப்சூலுக்கு இடமே இருக்காது. அப்படி எடுத்திருந்தால் ஒன்றரை இரண்டு மாதமாவது தள்ளிப்போடுவார்கள். இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் நீளும், மாதக்கணக்கில். இந்த இரண்டையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

"கார்பிமசோலை எப்போது நிறுத்த வேண்டும்?"

பொதுவாக 3 முதல் 7 நாளுக்கு முன். படபடப்புக்குக் கொடுத்த புரோப்ரனலாலை நீங்களாக நிறுத்தாதீர்கள். கேப்சூலுக்குப் பிறகு, முதல் இரண்டு வாரத்தில், சேமித்து வைத்த ஹார்மோன் கசிந்து படபடப்பு கொஞ்சம் கூடலாம். அப்போது அதுதான் கைகொடுக்கும்.

"எனக்கு டிஎஸ்எச் 12. ரேடியோ அயோடின் எடுத்தால் சரியாகுமா?"

உங்களுடையது ஹைப்போ. இந்தச் சிகிச்சை அதற்கு நேர் எதிரானதற்கு. மருத்துவரிடம் தைராக்சின் பற்றிக் கேளுங்கள்.

"இரண்டு வயதுப் பையன் இருக்கிறான். கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவான். என்ன செய்வது?"

அவனை வேறொருவர் பக்கத்தில் படுக்க வைக்க இப்போதிருந்தே பழக்குங்கள், கேப்சூல் நாளில் தொடங்கினால் அழுகைதான் மிஞ்சும். ஆபத்து இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, உங்கள் கழுத்திலிருந்து வெளிவரும் காமா கதிர். அதற்குத் தூரம்தான் மருந்து. குழந்தையிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளியிருங்கள், மடியில் வைக்காதீர்கள், தனிப் படுக்கை. இன்னொன்று, சிறுநீரிலும் எச்சிலிலும் வெளியேறும் அயோடின். சுரப்பி பிடித்துக்கொள்ளாதது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாளில் சிறுநீரில் போய்விடும். அப்போது நிறையத் தண்ணீர் குடியுங்கள், உட்கார்ந்தே சிறுநீர் கழியுங்கள், இரண்டு முறை ஃப்ளஷ் செய்யுங்கள், எச்சில் தம்ளரைப் பகிராதீர்கள். அயோடின்-131இன் அளவு எட்டு நாளுக்கு ஒருமுறை தானாகவே பாதியாகும், அதனால் சிறு குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கட்டுப்பாடு வாரக்கணக்கில் நீளும். எத்தனை நாள் என்பது நீங்கள் வாங்கிய டோஸை, அதாவது எத்தனை மில்லிகியூரி என்பதைப் பொறுத்தது. மையம் தரும் தாளில் இருக்கும்.

"என் மகளுக்குப் பத்து வயது. அவளிடமும் இரண்டு மீட்டரா?"

மேலே இருப்பதேதான். நாள் கணக்கு உங்கள் தாளில்.

"ஏழு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். கேப்சூல் அன்று மட்டும் நிறுத்தினால் போதுமா?"

போதாது. இப்போது கேப்சூல் வேண்டாம். பால் சுரக்கும் மார்பு அயோடினை இழுத்துக்கொள்ளும், பாலிலும் போகும். பால் நிறுத்தி குறைந்தது ஆறு வாரம், பல இடங்களில் மூன்று மாதம் காத்திருப்பார்கள். அதன் பிறகு இந்தக் குழந்தைக்கு மறுபடி கொடுக்கக் கூடாது. அதுவரை மாத்திரையில் ஓட்டலாம்.

"என் மச்சானுக்குக் குறைந்த டோஸ்தான் கொடுத்தார்கள். நாலு வருஷம், ஒரு மாத்திரையும் இல்லை. நீங்கள் எல்லாரையும் ஹைப்போ ஆக்கி ஆயுளுக்கும் மாத்திரை போட வைக்கிறீர்கள்."

உங்கள் மச்சான் நன்றாக இருப்பதில் சந்தோஷம். ஆனால் அவருக்கு எந்த வகை ஹைப்பர்? உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தூண்டிவிடும் கிரேவ்ஸ் நோயில் குறைந்த டோஸ் கொடுத்தால் சிலருக்கு ஹைப்பர் போகாமலே இருக்கும், இரண்டாவது கேப்சூல் வரும். மற்றவர்களில் பலருக்கு ஹைப்போ வருவது தள்ளிப்போகிறது, தவிர்வதில்லை. 10 முதல் 15 மில்லிகியூரி கொடுப்பது அதனால்தான்.

"மேடம், நான் இருபது வருஷம் கேப்சூல் கொடுத்த டெக்னாலஜிஸ்ட். தனிக் கட்டியால் வரும் ஹைப்பரில் சுற்றியுள்ள நல்ல திசு உறங்கிக் கிடக்கும், அயோடினை இழுக்காது. அவர்களில் பலர் மாத்திரையில்லாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கிரேவ்ஸிலும் அளந்து கொடுத்தால் சிலர் தப்பிப்பார்கள்."

கட்டி விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. நானே அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். கிரேவ்ஸில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். அளந்து கொடுத்தும் யார் தப்பிப்பார், யார் தப்பமாட்டார் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. மீண்டும் ஹைப்பர் திரும்பினால் இதயம்தான் அடி வாங்குகிறது.

"மச்சானுக்குக் கிரேவ்ஸ்தான். நாலு வருஷம் போதாதா ஆதாரம்?"

அவருக்குப் போதும். ஆனால் அவர் வருஷம் ஒருமுறை ரத்தம் கொடுக்கிறாரா என்று கேளுங்கள். பத்தாவது வருஷத்தில் ஹைப்போ ஆனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

"அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, மேடம். அளவைப் பற்றி மருத்துவர்களே ஒரே பேச்சில் இல்லை."

இல்லைதான்.

"கேப்சூலுக்கு முன்பே கண் பிதுங்கியிருக்கிறது. சிகரெட்டும் உண்டு."

கண் மருத்துவர் பார்க்காமல் எடுக்காதீர்கள். கண் நோய் மோசமாகலாம், சிகரெட் அதை இன்னும் கூட்டும். லேசாக இருந்தால் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டின் பாதுகாப்போடு கொடுப்பார்கள், கடுமையாக இருந்தால் வேறு வழி பார்ப்பார்கள்.

"மூன்றாவது மாதம் டிஎஸ்எச் 0.01. மறுபடி கார்பிமசோல் ஆரம்பிக்கலாமா?"

முதல் கேள்வியைப் படித்துவிட்டு வாருங்கள். ஃப்ரீ டி4 எவ்வளவு?